ஒரு படகு, ஐந்து பந்தயம்

*ஸ்வீப், ஸ்கல், காக்ஸ், ரெபசாஜ்... துடுப்புப் படகுப் போட்டியை முதன்முறையாகப் பார்ப்பவர் இந்தச் சொற்களில் முட்டிக்கொண்டு நிற்பார். பாரிஸ் ஒலிம்பிக்கில் பல்ராஜ் பன்வார் ஓட்டிய ஐந்து பந்தயங்களைக் கூடவே போய்ப் பார்த்தால் எல்லாம் விளங்கிவிடும்.*

பாரிஸுக்குக் கிழக்கே வேர்-சூர்-மார்ன் என்ற ஊர். 2024 ஜூலை 27, சனிக்கிழமை. நீண்ட ஏரியின் ஒரு முனையில் வரிசையாக மிதவை மேடைகள். ஒவ்வொரு மேடையிலும் ஒருவர் குப்புறப் படுத்து, கையை நீட்டி, ஒரு படகின் வாலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். படகு என்று சொன்னாலும் உட்காருகிற இடத்தில் ஒரு ஆள் அகலம்தான். நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று மேல். எடை வெறும் 14 கிலோ. உட்கார்ந்திருப்பவர் கைக்கொரு துடுப்பென்று பிடித்து, போகவேண்டிய திசைக்கு முதுகைக் காட்டியபடி, தன் படகின் வாலைப் பிடித்திருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சிவப்பு விளக்கு எரிகிறது. சில நொடி மௌனம். பச்சை விளக்கோடு ஒலியும் வந்ததும் பிடித்திருந்த கைகள் விடுகின்றன.

ஆண்கள் ஒற்றையர் பிரிவின் முதல் சுற்று அது. ஒரு தடத்தில் கிரீஸின் ஸ்டெஃபானோஸ் டூஸ்கோஸ். இதே போட்டியில் டோக்கியோவில் தங்கம் வென்றவர். இன்னொரு தடத்தில் நியூசிலாந்தின் தாமஸ் மெக்கின்டாஷ். அவரும் டோக்கியோ தங்கம்தான். ஆனால் வேறு வகைப் படகில், வேறு வகைத் துடுப்பில். இந்த இரண்டு பேரோடும் அதே தண்ணீரில் ஹரியானாவின் பல்ராஜ் பன்வார். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டவர். பாரிஸுக்கு இந்தியா அனுப்பிய ஒரே துடுப்புப் படகு வீரர்.

மெக்கின்டாஷ் 6 நிமிடம் 55.92 விநாடியில் முதலில் வந்தார். டூஸ்கோஸ் இரண்டாவது. எகிப்தின் அப்தெல்காலிக் எல்பன்னா 7:05.06-ல் மூன்றாவது. பல்ராஜ் 7:07.11-ல் நான்காவது. மூன்றாமவருக்கும் அவருக்கும் இடைவெளி இரண்டு விநாடி. தண்ணீரில் அளந்தால் ஒரு படகு நீளத்துக்குச் சற்றே அதிகம். முதல் மூன்று பேர் நேராகக் காலிறுதிக்குப் போனார்கள். நான்காவது வந்தவருக்கு நேர்ந்ததைத்தான் மறுநாள் செய்திகள் 'ரெபசாஜுக்குத் தகுதி' என்று எழுதின. தகுதி என்ற வார்த்தை எவ்வளவு பொருத்தம் என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் துடுப்பு.

கைக்கு ஒன்றா, ஆளுக்கு ஒன்றா?

இந்த விளையாட்டில் எல்லாப் பிரிவுகளும் ஒரே கேள்வியில் இரண்டாகப் பிரிகின்றன. ஒருவரிடம் எத்தனை துடுப்பு? கைக்கு ஒன்றாக இரண்டு துடுப்பு என்றால் ஸ்கல். இரண்டு கையும் சேர்ந்து ஒரே துடுப்பைப் பிடித்தால் ஸ்வீப். ஸ்கல் துடுப்பு மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு; ஸ்வீப் துடுப்பு மூன்றே முக்கால் மீட்டரை ஒட்டி இருக்கும்.

எதுவானாலும் துடுப்பு படகின் பக்கவாட்டில் நீட்டியிருக்கும் ஒரு சட்டத்தில், சுழலும் கவ்வியில் மாட்டியிருக்கும். அது நெம்புகோல். கேரளத்து வள்ளங்களியில் முன்னே பார்த்து உட்கார்ந்து, கையில் மட்டும் பிடித்துத் துழாவுகிறார்களே, அது வேறு விளையாட்டு. இங்கே உட்காருகிற பலகைக்குச் சக்கரம் உண்டு; தண்டவாளம் போன்ற இரண்டு தடத்தில் முன்னும் பின்னும் ஓடும். பாதங்கள் படகோடு பொருத்திய காலணிக்குள் கட்டுண்டிருக்கும். முழங்காலை மடக்கிச் சுருண்டு, துடுப்பின் தட்டைத் தண்ணீருக்குள் இறக்கி, காலால் உதைத்து நிமிர்கிறார்கள். கை இழுப்பதுபோலத் தெரிந்தாலும் பெரும்பங்கு வேலை தொடையுடையது. கரையில் இருந்து பார்க்கிறவர் புஜத்தைப் பார்த்து வியப்பார். பயிற்சியாளர் முழங்காலைப் பார்ப்பார்.

ஸ்கல் ஓட்டுகிறவரின் கைகளைக் கூர்ந்து பாருங்கள். இழுப்பின் நடுவே இரண்டு கைப்பிடிகளும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கடந்துபோகும். துடுப்புகள் அப்படி நெருக்கமாகப் பொருத்தப்பட்டிருப்பதால் தவிர்க்க முடியாது. பொதுவாக இடக்கை மேலே, வலக்கை கீழே. புதிதாகக் கற்கிறவர்கள் தங்கள் நகத்தாலேயே தங்கள் விரல் கணுவைக் கிழித்துக்கொள்வது இந்த இடத்தில்தான். ஒற்றையர் படகில் சுக்கானும் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பவேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கத் துடுப்பைக் கொஞ்சம் அழுத்தி இழுக்கவேண்டும். போகிற திசை தெரியாததால் அவ்வப்போது தோளுக்கு மேலே ஒரு பார்வை. அந்த ஒரு பார்வைக்குக்கூட படகு லேசாக ஆடும்.

ஸ்வீப்பில் ஒருவருக்கு ஒரு பக்கம்தான். எனவே துடுப்பு போடுகிறவர்கள் இரட்டைப்படையில் இருந்தாகவேண்டும்: இருவர், நால்வர், எண்மர். உடம்பு எப்போதும் ஒரே பக்கம் திரும்பித் திரும்பி இழுக்கும். வெளிக்கை இழுக்கும், உள்கை தட்டைத் திருப்பும். ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம் ஓட்டியவர்களின் முதுகுத் தசை இரு பக்கமும் சமமாக இருக்காது. 'நான் இடப்பக்கம்', 'நான் வலப்பக்கம்' என்று தங்களை அவர்கள் அறிமுகம் செய்துகொள்வதில் வியப்பில்லை.

ஸ்வீப்பில் ஒளிந்திருக்கும் ஒரு கணக்கு எனக்குப் பிடித்தமானது. நால்வர் படகில் துடுப்புகள் இடம், வலம், இடம், வலம் என்று மாறி மாறி இருப்பதுதான் வழக்கம். பார்க்கச் சமமாகத் தோன்றும். ஆனால் படகை ஒரு பக்கம் திருப்பும் விசை, துடுப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. இருக்கைகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் கொடுங்கள். இடப்பக்கம் 1-ம் 3-ம்: கூட்டினால் 4. வலப்பக்கம் 2-ம் 4-ம்: கூட்டினால் 6. கணக்கு ஒட்டவில்லை. அதனால் ஒவ்வொரு இழுப்புக்கும் படகின் மூக்கு நூலளவு அங்கும் இங்கும் ஆடும். ஆட்டத்துக்குச் செலவாகும் வலு வேகத்துக்கு வராது. இதையே இடம், வலம், வலம், இடம் என்று மாற்றிப் போடுங்கள். 1-ம் 4-ம் ஐந்து, 2-ம் 3-ம் ஐந்து. ஆட்டம் நின்றுவிடுகிறது. இத்தாலிய முறை என்று பெயர் பெற்ற அமைப்பு இதுதான். நடுவில் இருவர் ஒரே பக்கம் துடுப்பு நீட்டியிருக்கும் படகைப் பார்த்தால் ஏதோ தவறாக மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிடவேண்டாம்.

> திரையில் வரும் குறிகள்
>
> தொலைக்காட்சித் திரையின் மூலையில் M1x, W8+, M2- என்று ஓடும். முதல் எழுத்து M என்றால் ஆண்கள், W என்றால் பெண்கள். எண், துடுப்பு போடுகிறவர்களின் தொகை. x இருந்தால் ஸ்கல்; இல்லாவிட்டால் ஸ்வீப். + என்றால் காக்ஸ் உண்டு, - என்றால் இல்லை. ஆகவே M1x ஆண்கள் ஒற்றையர் ஸ்கல். M2- காக்ஸ் இல்லாத ஆண்கள் இருவர் ஸ்வீப். W8+ காக்ஸோடு பெண்கள் எண்மர். முன்னால் L சேர்ந்து LM2x என்று வந்தால் எடை வரம்புள்ள பிரிவு: ஆண்களில் யாரும் 72.5 கிலோவைத் தாண்டக்கூடாது, படகின் சராசரி 70-ஐத் தாண்டக்கூடாது. ஒலிம்பிக்கில் இந்தப் பிரிவுக்குப் பாரிஸ்தான் கடைசி.

துடுப்பில்லாத ஒன்பதாவது ஆள்

மெக்கின்டாஷ் டோக்கியோவில் வென்றது எண்மர் படகில். அதில் ஒன்பது பேர் இருப்பார்கள். ஒன்பதாமவர் கையில் துடுப்பு கிடையாது. படகிலேயே அவர் ஒருவர்தான் போகிற திசையைப் பார்ப்பவர். அவர்தான் காக்ஸ்வெயின், தண்ணீரில் எல்லோருக்கும் காக்ஸ்.

சுக்கானின் கயிறு அவர் கையில். எண்மர் படகின் நீளம் ஏறக்குறைய பதினேழரை மீட்டர். சுக்கானோ உள்ளங்கை அளவு. அதைத் திருப்புகிற ஒவ்வொரு முறையும் படகு கொஞ்சம் வேகம் இழக்கும். அதனால் நல்ல காக்ஸ் என்பவர் திருப்பாமல் இருக்கத் தெரிந்தவர். வேலையில் பெரும்பகுதி வாயால். ஒலிவாங்கி தலையில், ஒலிபெருக்கிகள் படகுக்குள். எத்தனை மீட்டர் கடந்தோம், பக்கத்துத் தடத்துப் படகு எந்த இருக்கைக்கு நேராக இருக்கிறது, நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு, கடைசி விரட்டலை எப்போது தொடங்குவது என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எட்டு பேருக்கும் தெரியும். அவர்கள் பார்ப்பதெல்லாம் முன்னால் இருப்பவரின் முதுகு.

அந்த எட்டு பேரில் காக்ஸுக்கு எதிரே முகம் பார்த்து உட்காருபவர் ஸ்ட்ரோக். தாளம் அவருடையது; பின்னால் உள்ள ஏழு பேரும் அவர் நகர்வதைப் பார்த்துத்தான் நகர்வார்கள். காக்ஸ் ஒன்றைச் சொல்ல, ஸ்ட்ரோக் அதை உடம்பால் செய்ய, அது படகெங்கும் பரவும். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் எட்டு வலிமையான மனிதர்கள் இருந்தும் பயனில்லை. தாளம் தவறியதைக் கரையிலிருந்தே கண்டுபிடிக்கலாம்: எட்டுத் தட்டுகளும் ஒரே கணத்தில் தண்ணீரில் இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் பிந்தினால் கோளாறு தொடங்கிவிட்டது.

தட்டு தண்ணீரை விட்டு வெளியே வராமல் சிக்கிக்கொள்வதை 'நண்டு பிடிப்பது' என்பார்கள். படகு போகிற வேகத்தில் கைப்பிடி திரும்பி வந்து வயிற்றில் அறையும். நிமிடத்துக்கு முப்பத்தாறு, நாற்பது இழுப்பு போய்க்கொண்டிருக்கும்போது இது நேர்ந்தால் ஆள் தண்ணீரில் தூக்கி வீசப்படுவதும் உண்டு. எண்மர் படகில் ஒருவர் நண்டு பிடித்தால் மற்ற ஏழு பேரும் திரும்பித் தாளத்துக்கு வருவதற்குள் பந்தயம் கைவிட்டுப் போயிருக்கும்.

காக்ஸ் எடை குறைவாக இருப்பதுதானே நல்லது என்று தோன்றும். முன்பு அப்படித்தான் சிறுவர்களைத் தேடிப் பிடித்தார்கள். இப்போது சர்வதேசப் போட்டிகளில் பெரியவர் காக்ஸுக்குக் குறைந்தது 55 கிலோ. குறைந்தால் மணல் மூட்டை போன்ற எடையை அவருக்கருகில் வைத்துக்கொண்டு போகவேண்டும். ஆண் படகுக்குப் பெண்ணும், பெண் படகுக்கு ஆணும் காக்ஸாக இருக்கலாம் என்று 2017-ல் விதி மாறியது. அதன் பலனைப் பெற்றவர் பிரிட்டனின் ஹென்றி ஃபீல்ட்மேன். டோக்கியோவில் ஆண்கள் எண்மர் படகின் காக்ஸாக வெண்கலம், பாரிஸில் பெண்கள் எண்மர் படகின் காக்ஸாக வெண்கலம். ஆண்கள் போட்டியிலும் பெண்கள் போட்டியிலும் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் மனிதர் அவர்.

பாரிஸில் இருந்த 14 துடுப்புப் படகுப் பிரிவுகளில் காக்ஸ் இருந்தது இரண்டு எண்மர் போட்டிகளில் மட்டும். மற்றப் படகுகளில் ஒருவர் காலணியின் நுனியைத் திருப்பிச் சுக்கானை இயக்குவார், அல்லது சுக்கானே இராது. இந்தியாவுக்கு அந்த ஒன்பதாவது ஆளை நினைவுபடுத்தியது 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு. தனஞ்சய் உத்தம் பாண்டே காக்ஸாக இருந்த எண்மர் படகு 5:43.01-ல் வெள்ளி வென்றது. தங்கம் பெற்ற சீனப் படகுக்கும் அதற்கும் மூன்று விநாடிகூட இடைவெளி இல்லை.

> காக்ஸ் குதித்த கதை, காக்ஸ் காணாமல் போன கதை
>
> 1868, இங்கிலாந்தின் ஹென்லி. நால்வர் போட்டியில் காக்ஸ் இல்லாமல் போனால் எடை குறையுமே என்று வால்டர் பிராட்ஃபோர்டு வுட்கேட்டுக்கு ஒரு யோசனை. காக்ஸ் இல்லாமல் புறப்பட விதியில் இடமில்லை. எனவே புறப்பட்டதும் காக்ஸைத் தண்ணீரில் குதிக்கச் சொல்லிவிட்டார். குதித்தவர் ஃபிரெட் வெதர்லி. பிற்காலத்தில் புகழ்பெற்ற பாடலாசிரியர். அல்லித் தண்டுகளில் சிக்கித் திணறினார். படகு எளிதாக வென்றது. உடனே தகுதி நீக்கமும் செய்யப்பட்டது. சில ஆண்டுகளிலேயே காக்ஸ் இல்லாத நால்வர் போட்டி ஹென்லியில் அதிகாரபூர்வமாக வந்துவிட்டது.
>
> 1900, பாரிஸ் ஒலிம்பிக். காக்ஸோடு இருவர் ஓட்டும் போட்டி. ஹாலந்தின் பிராண்ட், கிளைன் இருவரின் காக்ஸ் பிராக்மன் 60 கிலோ. பிரெஞ்சுப் படகுகளில் சிறுவர்கள். முதல் சுற்றில் தோற்ற டச்சுக்காரர்கள் இறுதிப்போட்டிக்கு ஒரு உள்ளூர்ச் சிறுவனைப் பிடித்து உட்கார வைத்தார்கள். எடை 33 கிலோ. நூலிழையில் வென்றார்கள். படம் எடுத்துக்கொண்ட பிறகு சிறுவன் போய்விட்டான். ஒலிம்பிக் சாம்பியன்கள் பட்டியலில் அவனுக்கு இன்றுவரை உறுதியான பெயர் இல்லை.

ரெபசாஜ்: இலவசம் இல்லை

இனி பல்ராஜிடம் திரும்புவோம். ரெபசாஜ் என்ற சொல்லை நம் வாசகர்கள் மல்யுத்தத்தில் கேட்டிருப்பார்கள். 2016 ரியோவில் சாக்ஷி மாலிக் வெண்கலம் பெற்றது அந்த வழியில்தான். ஆனால் மல்யுத்தத்தில், நம்மைத் தோற்கடித்தவர் இறுதிப்போட்டிக்குப் போனால்தான் நமக்குக் கதவு திறக்கும். அடுத்தவரின் வெற்றிக்காகக் காத்திருக்கவேண்டும். எட்டிப்பிடிக்கக்கூடியதும் வெண்கலம் மட்டுமே.

துடுப்புப் படகில் அப்படியில்லை. முதல் சுற்றில் நேரடியாக முன்னேறாத அனைவருக்கும், வேறு யார் வென்றார்கள் தோற்றார்கள் என்ற பேச்சே இல்லாமல், பாரிஸில் இன்னொரு பந்தயம் இருந்தது. அதில் முன்னேறினால் முதல் சுற்றில் வென்றவர்களோடு சமமாகப் போட்டியிடலாம், தங்கமே வாங்கலாம்.

ஏன் இந்த ஏற்பாடு? ஒரு தண்ணீரில் ஆறு தடங்கள்தான். முப்பத்து மூன்று பேரை ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்க்க முடியாது. நேரத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தலாமே என்றால் காற்று விடுவதில்லை. காலை பத்து மணிக்கு எதிர்க்காற்றில் ஓடியவருக்கும் பதினொன்றுக்குக் காற்று திரும்பிய பிறகு ஓடியவருக்கும் பல விநாடிகள் வித்தியாசம் வரும். அதனால்தான் இந்த விளையாட்டில் 'உலக சாதனை' என்று சொல்லத் தயங்கி 'உலகின் சிறந்த நேரம்' என்றே குறிக்கிறார்கள். நேரத்தை நம்ப முடியாதபோது இடத்தைத்தான் நம்பவேண்டும். இடத்தை நம்பினால், இரண்டு ஒலிம்பிக் சாம்பியன்கள் இருக்கும் குழுவில் விழுந்த பல்ராஜுக்கும், எளிதான குழுவில் விழுந்த இன்னொருவருக்கும் ஒரே அளவுகோல் நியாயமாகாது. அந்தக் கோணலை நிமிர்த்தத்தான் ரெபசாஜ். எல்லாப் போட்டிகளிலும் இது இருக்கவேண்டும் என்பதில்லை. அமைப்பாளர்கள் வேறு முறையும் வகுக்கலாம். பாரிஸில் இருந்தது.

அதற்குக் கொடுக்கும் விலை உடம்பில் தெரியும். 2000 மீட்டரை ஏழு நிமிடம் முழு மூச்சில் ஓட்டி முடித்தவரைக் கரையில் பாருங்கள். துடுப்பின் மேல் கவிழ்ந்து, எழுந்து நிற்கத் திணறுவார். பல்ராஜ் சனிக்கிழமை அப்படி முடித்து, ஞாயிற்றுக்கிழமையே மறுபடியும் அதே 2000 மீட்டர் ஓட்டினார். முதல் சுற்றில் மூன்றுக்குள் வந்தவர்கள் அன்று ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே முதல் சுற்றில் பயிற்சியாளரின் மனத்தில் ஒரு கணக்கு ஓடும். மூன்றாம் இடம் எட்டும் தூரத்தில் இருந்தால் விரட்டவேண்டும். எட்டாது என்று 1500 மீட்டரிலேயே தெரிந்துவிட்டால், மிச்சத் தெம்பை நாளைக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். கடைசி 250 மீட்டரில் தடக் குண்டுகளின் நிறம் சிவப்பாக மாறும். அங்கேயும் ஒருவர் இழுப்பைக் கூட்டாமல் போகிறார் என்றால் எப்போதும் களைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஞாயிறன்று பல்ராஜ் எடுத்த நேரம் 7:12.41. முதல் நாளைவிட ஐந்து விநாடி மெதுவு. ஆனால் இரண்டாம் இடம். மொனாக்கோவின் குவென்டின் அன்டோனெல்லி 7:10.00-ல் முதலிடம். மூன்றாமவர் வெகு பின்னால். ஒவ்வொரு ரெபசாஜிலும் முதல் இருவருக்குக் காலிறுதி. மெதுவாக ஓட்டி முன்னேறினார்; வேகமாக ஓட்டியபோது முன்னேறவில்லை. நேரத்தை வைத்து இந்த விளையாட்டைப் படிக்கப் பழகியவர்கள் குழம்புவது இங்கேதான்.

'இறுதிப்போட்டிக்கு முன்னேறினார்' என்றால்?

அன்று மாலை நம் செய்தித் தலைப்புகளில் 'காலிறுதி' பளிச்சிட்டது. டென்னிஸ், பாட்மின்டன் பழக்கத்தில் காலிறுதி என்றதும் எட்டு பேர் மிச்சம் என்றுதான் நமக்குத் தோன்றும். இங்கே காலிறுதியில் இருந்தவர்கள் 24 பேர். ஆறு ஆறாக நான்கு பந்தயங்கள். அதில் முதல் மூன்று பேருக்கு A/B அரையிறுதி. பிந்திய மூன்று பேருக்கு C/D அரையிறுதி. பதக்கத்துக்கான கதவு இந்த இடத்தில் மூடிவிடும். ஆனால் பந்தயங்கள் நிற்காது.

பல்ராஜ் காலிறுதியில் 7:05.10-ல் ஐந்தாவது. மறுநாள் C/D அரையிறுதியில் 7:04.97-ல் ஆறாவது. அதனால் 'D இறுதி'. ஆகஸ்ட் 2 அன்று அதில் ஐந்தாவது. இறுதிப்போட்டியில் ஐந்தாம் இடம் என்று யாராவது சொன்னால் எந்த இறுதி என்று கேளுங்கள். A இறுதியில் 1 முதல் 6 வரை இடங்கள், B-யில் 7 முதல் 12, C-யில் 13 முதல் 18, D-யில் 19 முதல் 24. பதினெட்டோடு ஐந்தைக் கூட்டினால் 23. அதுதான் பல்ராஜின் இடம்.

இந்தக் கணக்கு ரெபசாஜின் உண்மையான மதிப்பையும் காட்டுகிறது. ஞாயிறன்று இரண்டுக்குள் வந்த நொடியில், இனி எல்லாப் பந்தயத்திலும் கடைசியாக வந்தாலும் 24-ஆம் இடத்துக்குக் கீழே போகமாட்டார் என்பது உறுதியாகிவிட்டது. அன்று தவறியிருந்தால் E, F பக்கம், 24-க்குக் கீழே. பதக்கத்துக்கு இது ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் உலகின் முன்னணி வீரர்களோடு ஒரே தண்ணீரில் இன்னும் மூன்று பந்தயம் ஓட்டக் கிடைத்தது. D இறுதியில் அவர் எடுத்த 7:02.37 பாரிஸில் அவருடைய ஐந்து நேரங்களிலும் சிறந்தது. ஐந்தாவது பந்தயத்தில், அத்தனை களைப்புக்குப் பிறகு. பயிற்சியாளர்கள் 23 என்ற எண்ணைவிட இதைத்தான் குறித்துவைப்பார்கள்.

தூரம் இன்னும் எவ்வளவு? தங்கம் வென்ற ஜெர்மனியின் ஆலிவர் சைட்லர் A இறுதியில் எடுத்தது 6:37.57. வேறு நாள், வேறு காற்று என்பதை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டால், சைட்லர் கோட்டைத் தொடும்போது பல்ராஜ் நூறு மீட்டருக்கு மேல் பின்னால் இருப்பார். இதை மூடிமறைப்பதில் பொருளில்லை. பிள்ளைப் பருவத்திலேயே கிளப் படகுகளில் ஏறியவர்களோடு, ராணுவத்தில் சேர்ந்த பின் முதன்முதலாகத் துடுப்பைப் பிடித்தவர் போட்டியிடுகிறார்.

ரெபசாஜ் இந்தியாவுக்கு இதைவிட அதிகமாகக் கொடுத்ததும் உண்டு. டோக்கியோவில் அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் ஜோடி எடை வரம்புள்ள இரட்டையர் ஸ்கல்லில் இறங்கியது. முதல் சுற்றில் ஐந்தாவது. ரெபசாஜில் மூன்றாவது, அங்கே மூன்று பேர்வரை அரையிறுதி. அந்த அரையிறுதியில் கடைசியாக வந்தும் B இறுதி கிடைத்தது, அதில் ஐந்தாவது. ஆறோடு ஐந்து, 11-ஆம் இடம். ஒலிம்பிக் துடுப்புப் படகில் அதுவரை இந்தியா எட்டியிராத இடம் அது. முதல் சுற்றோடு ஆட்டம் முடிகிற விளையாட்டாக இருந்திருந்தால் அந்த ஜோடியின் பெயரே யாருக்கும் நினைவிருக்காது.

தோற்றவர்கள் வென்ற எண்மர்

ரெபசாஜ் என்பது பலவீனர்களின் வரிசை என்று இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் முடிவுக்கு வரலாம். அதற்கு மெக்கின்டாஷே பதில்.

டோக்கியோ ஆண்கள் எண்மர் போட்டியில் ஏழு படகுகள். இரண்டு பந்தயங்களாக முதல் சுற்று. வென்ற இரண்டு படகுகளுக்கு மட்டும் நேரே A இறுதி. மற்ற ஐந்து படகுகள் ரெபசாஜில் ஓட்டி, நான்கு முன்னேறும். ஐந்தில் ஒன்றை வெளியேற்ற ஒரு முழுப் பந்தயம். மெக்கின்டாஷ் இருந்த நியூசிலாந்துப் படகு முதல் சுற்றில் வெல்லவில்லை. ரெபசாஜில் ஓட்டி, வென்று, இறுதிக்கு வந்தது. அங்கே காத்திருந்தது நேரடியாகத் தகுதி பெற்று, ஓய்வெடுத்து வந்த ஜெர்மனி. நியூசிலாந்து 5:24.64, ஜெர்மனி 5:25.60. தங்கம், ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில், கூடுதலாக ஒரு பந்தயம் ஓட்டிய படகுக்கு.

எப்படி? எண்மர் படகில் சில அணிகளுக்கு அந்தக் கூடுதல் பந்தயம் சுமையாக இல்லாமல் ஒத்திகையாகவே அமைந்துவிடும் என்பது என் கருத்து. எட்டுத் துடுப்புகள் ஒரே கணத்தில் தண்ணீரைத் தொடவேண்டிய படகில், காக்ஸின் குரலுக்கும் ஸ்ட்ரோக்கின் தாளத்துக்கும் பந்தய வேகத்தில் ஒத்துப்போவதைச் சாதாரணப் பயிற்சியில் முழுமையாகப் பழக முடியாது. ஒற்றையர் ஸ்கல்லில் ஒத்துப்போக யாரும் இல்லை. அங்கே கூடுதல் பந்தயம் பெரும்பாலும் களைப்புதான். ஒரே ரெபசாஜ் எண்மர் படகுக்கும் ஒற்றையர் படகுக்கும் ஒன்றல்ல.

மெக்கின்டாஷ் அந்தத் தங்கத்துக்குப் பிறகு ஸ்வீப்பை விட்டு ஒற்றையர் ஸ்கல்லுக்கு மாறினார். ஏழு பேரோடும் ஒரு காக்ஸோடும் இருந்தவர், தானே தாளம், தானே சுக்கான், தானே தோளுக்கு மேல் பார்ப்பவர் ஆனார். வேர்-சூர்-மார்னில் பல்ராஜின் பந்தயத்தை வென்றது அந்த இரண்டாவது பிறவியில்.

அடையாற்றில் பழகலாம்

இதையெல்லாம் நேரில் பார்க்க பாரிஸுக்குப் போகவேண்டியதில்லை. சென்னை அடையாற்றங்கரையில், 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் இருக்கிறது. கொழும்பு ரோயிங் கிளப்போடு அது நடத்தும் பந்தயம் நூறாண்டைக் கடந்தது. கரையில் நின்று பார்ப்பவர் முதலில் துடுப்புகளை எண்ணட்டும். ஆளுக்கு இரண்டா, ஒன்றா? அடுத்து, முன்னே பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் உண்டா? பிறகு தட்டுகள் ஒன்றாக இறங்குகின்றனவா? முடிவுக் கோட்டில் ஆளைப் பார்க்காமல் படகின் மூக்கைப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் சிறு ரப்பர் பந்து மோதலில் யாரையும் குத்திவிடாமல் இருக்க வைத்தது. அதுவே கோட்டை முதலில் கடக்கும் பகுதி என்பதால் வெற்றியைத் தீர்ப்பதும் அதுதான்.

2028-ல் இந்தக் கணக்குகள் சில மாறும். லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் துடுப்புப் படகுப் போட்டி லாங் பீச் மரைன் ஸ்டேடியத்தில். 1932 ஒலிம்பிக்கில் படகுகள் ஓடிய அதே நீர்ப்பரப்பு. பிற்காலத்தில் குறுக்கே பாலம் வந்துவிட்டதால் 2000 மீட்டருக்கு இடமில்லை. பந்தயம் 1500 மீட்டர். எடை வரம்புள்ள பிரிவு போய், கடற்கரை மணலில் ஓடிவந்து படகில் ஏறி அலையில் ஓட்டும் புதிய போட்டி வருகிறது. அர்ஜுன், அரவிந்த் போன்று 70 கிலோ உடம்போடு ஓட்டுகிறவர்கள் இனி சைட்லர்களோடு ஒரே பிரிவில் இறங்கவேண்டும். கால்வாசித் தூரம் குறைவதால் புறப்பாட்டில் இழந்த நீளத்தைப் பின்னால் மீட்டெடுக்க 500 மீட்டர் குறைவு. இந்தியப் பயிற்சியாளர்கள் இப்போதே முதல் 20 இழுப்புகளைத் தனியாக எடுத்துப் பழக்க வேண்டியிருக்கும்.